பாவு யாருடையதோ, பேரமும் அவருடையதா?

சோமனூர், பல்லடம், அவிநாசி, தெக்கலூர், கண்ணம்பாளையம் பக்கம் ஏதாவது ஒரு தறிக்குடோனுக்குள் நுழைந்து, பாவு யாருடையது என்று கேட்டால், பெரும்பாலான இடங்களில் ஒரே பதில்தான் வரும். தறி குடோன்காரருடையது. கட்டடம் இவருடையது, மின் இணைப்பும் இவர் பெயரில்தான். பாவு மட்டும் ஜவுளி உற்பத்தியாளருடையது. அவர் நூல் வாங்கி, சைசிங்கில் பாவு ஓட்டி, பீமாகச் சுற்றி வண்டியில் அனுப்புகிறார். ஊடைநூலும் அவருடையதே. நெய்து கொடுத்த காடா துணிக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வருகிறது. கோவை, திருப்பூர் மாவட்டங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட விசைத்தறிகள் ஓடுகின்றன; அவற்றில் பெரும்பகுதி இப்படிக் கூலிக்கு ஓடுபவை.

இந்தத் தறிக்காரர்களுக்குச் சங்கங்கள் உண்டு. ஊருக்கு ஒன்றாக உள்ள அவை சேர்ந்து அமைத்த கூட்டமைப்பும் உண்டு. பாவு கொடுத்துத் துணி வாங்கும் ஜவுளி உற்பத்தியாளர்களுக்குத் தனிச் சங்கம். நூற்பாலைகளுக்கு வேறு. கொஞ்சம் தள்ளிப் போனால் திருப்பூரில் பின்னலாடைக்கென 1956-இல் தொடங்கிய சைமா, 1990-இல் தொடங்கிய ஏற்றுமதியாளர்கள் சங்கம், சாயம், பிரிண்டிங், நிட்டிங், காம்பாக்டிங், எம்பிராய்டரி என்று ஒவ்வொரு ஜாப் ஒர்க்குக்கும் ஒரு சங்கம். கோவைக்குப் போனால் மோட்டார், பம்ப், வார்ப்படம், குறுந்தொழில் என்று இன்னொரு வரிசை. இவ்வளவு அடர்த்தியாகத் தொழில் சங்கங்கள் இருக்கும் வட்டாரம் தமிழ்நாட்டில் வேறு இருக்கிறதா என்பது சந்தேகம். ஆகவே, சங்கத்தில் சேர்ந்தால் சரக்குத் தொடர்பு கிடைக்கும், பயிற்சி கிடைக்கும், பேரம் பேசும் பலம் கிடைக்கும் என்று சொல்லப்படும் மூன்றில் எது, எப்போது, யாருக்குக் கிடைக்கிறது என்பதைப் பார்க்க இந்த மண்ணைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

நான் பார்த்த அளவில், மூன்றும் ஒரே சங்கத்தில் கிடைப்பதில்லை. கிடைக்காததற்குக் காரணம் நிர்வாகிகளின் திறமைக் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. சங்கத்துக்குள் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் காரணம். சரக்குத் தொடர்பு கிடைக்க வேண்டுமானால் விற்பவரும் வாங்குபவரும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும். பேரம் பேச வேண்டுமானால் பில்லின் ஒரே பக்கத்தில் இருப்பவர்கள் மட்டும் உட்கார வேண்டும். பயிற்சிக்கு இந்த இரண்டும் போதாது. நிரந்தரக் கட்டடம், சம்பளத்துக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு வரும் பணம் மூன்றும் வேண்டும். சந்தா கட்டும் முன் இந்த வேறுபாட்டைக் கவனிக்காதவர்தான் இரண்டு வருடம் கழித்து, சங்கத்தால் ஒன்றும் ஆகவில்லை என்று ஒதுங்கிவிடுகிறார்.

கூலிப் பேச்சு

பேரத்திலிருந்து தொடங்குகிறேன். சேருகிறவர்கள் முதலில் எதிர்பார்ப்பது அதைத்தான். ஏமாற்றம் மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான்.

விசைத்தறிக் கூலி பிக் கணக்கில் பேசப்படுகிறது. துணியின் ஓர் அங்குல நீளத்தில் ஊடைநூல் எத்தனை முறை குறுக்கே போகிறதோ அத்தனை பிக். ஒரு ரகத்துக்கு 52 பிக் என்றால், பிக்குக்கு இவ்வளவு பைசா என்று பெருக்கி மீட்டர் கூலி வரும். சோமனூர் ரகம் என்று ஒரு தொகுதி, பல்லடம் உள்ளிட்ட மற்ற ரகங்கள் என்று இன்னொரு தொகுதி. கூலி உயர்வுப் பேச்சு எப்போதும் இந்த இரண்டையும் தனித்தனியாக வைத்தே நடக்கும்.

2014-இல் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. அது முழுதாக நடைமுறைக்கு வரவில்லை என்ற குறையோடு ஏழு ஆண்டுகள் ஓடின. 2021 நவம்பரில் அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சு நடந்து, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று முடிவானது. டிசம்பர் முதல் கொடுக்க வேண்டும். கொடுக்கப்படவில்லை. 2022 ஜனவரி 9 முதல் தறிகள் நின்றன. வாரக் கணக்கில் நீண்ட வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 19-க்கும் 15-க்கும் இறங்கி வந்து சமாதானம் ஆனது. அதையும் பலர் பின்னால் குறைத்துக் கொடுத்தார்கள் என்பது தறிக்காரர் சங்கங்களின் தொடர் குற்றச்சாட்டு. 2025 மார்ச் 19-இல் மறுபடியும் வேலைநிறுத்தம். ஒரு மாதம் கழித்து, ஏப்ரலில், சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 10 சதவீதமும் என்று ஒப்பந்தம் வந்தது.

வரிசையைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சங்கம் வென்றிருக்கிறது. ஒவ்வொரு முறையும் மறுபடி போராட வேண்டி வந்திருக்கிறது. பேச்சுவார்த்தையில் ஜெயிப்பதும் ஜெயித்ததைக் கையில் வைத்திருப்பதும் இரண்டு தனித் திறமைகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஒரு குடோனை எடுத்துக் கணக்குப் போடலாம். எண்கள் கணக்குக்காக எடுத்தவை. தன் குடோனுக்கு ஏற்றபடி ஒவ்வொருவரும் மாற்றிக்கொள்ளலாம். எட்டுத் தறி. ஒரு தறிக்கு நாளைக்கு 40 மீட்டர். 52 பிக் துணிக்குப் பிக்குக்கு 10 பைசா என்றால் மீட்டருக்கு ரூ.5.20. ஒரு நாளைக்கு 320 மீட்டர், ரூ.1,664. மாதம் 25 நாள் ஓடினால் ரூ.41,600. பதினைந்து சதவீத உயர்வு கிடைத்தால் மாதத்துக்கு ரூ.6,240 கூடுதல்.

இப்போது ஒரு மாத வேலைநிறுத்தத்தின் விலை. வராத கூலி ரூ.41,600. தறி ஓடாததால் தறி ஓட்டுபவர் கூலியும் மின்கட்டணத்தில் பெரும்பகுதியும் மிச்சம். அதைப் பாதி என்று வைத்தால் கையிலிருந்து போனது சுமார் ரூ.20,800. உயர்வு முழுதாகக் கிடைத்தால் மூன்றரை மாதத்துக்குள் இது திரும்பிவிடும். உயர்வில் பாதிதான் தருவேன் என்று ஒன்றரை மாதத்தில் உற்பத்தியாளர் சொல்லிவிட்டால் ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். இரண்டு மாதத்தில் பழைய கூலிக்கே போய்விட்டால் பட்ட நஷ்டம் திரும்பவே திரும்பாது. கிடைக்கும் உயர்விலிருந்து தறி ஓட்டுபவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும் என்பதை இதில் நான் கழிக்கவே இல்லை. ஆக, ஒப்பந்தத்தில் எத்தனை சதவீதம் என்பதைவிட அது எத்தனை மாதம் நிற்கிறது என்பதே தறிக்காரரின் லாபத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் பேச்சுவார்த்தை மேஜையில் பேசப்படுவது முழுக்கச் சதவீதம்தான்.

கூலி எப்படி நழுவுகிறது? ஒப்பந்தத்தை மீறுகிறேன் என்று யாரும் அறிவிப்பதில்லை. முதலில் பாவு வரத்துக் குறையும். எட்டுத் தறிக்கு ஐந்து பாவுதான் இறங்கும். மார்க்கெட் டல், துணி தேங்கிக் கிடக்கிறது என்பார்கள். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். தவணை கட்ட வேண்டிய தறிக்காரர் மூன்று தறியைச் சும்மா நிறுத்தி வைக்க முடியாமல், பழைய கூலிக்கே ஓட்டித் தருகிறேன் என்று தானே போய்ச் சொல்வார். அந்தப் பேச்சு பக்கத்துக் குடோனுக்கு எட்டிய வாரமே அங்கேயும் கூலி இறங்கும். இன்னொரு வழி, கூலியைத் தொடாமல் சேதாரக் கழிவைக் கூட்டுவது. துணியில் குறை என்று மீட்டர் கழித்தால் பில்லில் கூலி ஒப்பந்தப்படியே இருக்கும். கைக்கு வரும் பணம் மட்டும் குறையும். சங்கத்துக்கு இது தெரியவே தெரியாது, உறுப்பினர் பில்லைக் கொண்டுவந்து காட்டினால் ஒழிய.

வேலைநிறுத்தத்தின் நேரமும் பலத்தில் சேரும். உற்பத்தியாளரிடம் விற்காத துணி குவிந்திருக்கும்போது தறியை நிறுத்தினால் அவருக்குத் தலைவலி குறைகிறது. தேக்கம் கரைந்து விலை ஏறக்கூட வாய்ப்புண்டு. ஆர்டர் கையில் இருந்து துணி இல்லாமல் தவிக்கும் மாதத்தில் நிறுத்தினால்தான் அவர் மேஜைக்கு வருவார். அதைக் கணிக்க, சந்தையில் துணித் தேக்கம் எவ்வளவு, நூல் விலை எந்தப் பக்கம் போகிறது, மகாராஷ்டிரத்தின் பிவண்டியிலும் இச்சல்கரஞ்சியிலும் தறிகள் எப்படி ஓடுகின்றன என்று பார்த்துச் சொல்லும் ஒருவர் சங்கத்தில் வேண்டும். கூலிக்கு நெய்யும் சங்கங்களில் அந்த இடம் பெரும்பாலும் காலியாக இருக்கிறது. துணியை விற்பது இவர்கள் வேலை இல்லை என்பதால் துணிச் சந்தை பற்றிய தகவலும் இவர்களிடம் இல்லை.

அரசிடம் கேட்பது

இதே சங்கங்கள் இன்னொரு பேரத்தில் வலுவாக நிற்கின்றன. விசைத்தறிகளுக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட் இலவசம் என்றிருந்த மின்சாரம் 2023-இல் 1,000 யூனிட்டாக உயர்ந்தது. தறி ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 12 யூனிட் என்று வைத்தால், எட்டுத் தறிக்காரர் இரண்டு மாதத்தில் 4,800 யூனிட் அளவுக்குச் செலவழிப்பார். அதில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கட்டணம் இல்லை. கிடைத்த பிறகு யாரும் ரகசியமாகக் குறைக்க முடியாது. பில்லில் அச்சாகி வருகிறது.

கூலியில் நிற்காதது மின்சாரத்தில் எப்படி நின்றது? எதிரே இருப்பவர் ஒருவர்தான் என்பதால். அரசாணை ஒன்று வந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் நடைமுறை. கூலியிலோ எதிரே நூற்றுக்கணக்கான உற்பத்தியாளர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் சிலர், பிரதிநிதிதான் போட்டார் நான் போடவில்லை என்று சொல்பவர் பலர். தறி வைத்திருப்பவரின் சங்கத்துக்கு அரசிடம் பேசும் பலம் அதிகம், சந்தையில் பேசும் பலம் குறைவு என்பதைச் சேரும்போதே தெரிந்துகொண்டால் எதிர்பார்ப்பு சரியாக இருக்கும். மின்கட்டணம், வரி, உரிமம், மாசுக் கட்டுப்பாடு போன்றவற்றுக்காகச் சங்கத்தில் இருப்பது நிச்சயம் பலன் தரும் செலவு. கூலிக்காக மட்டும் சேர்கிறவர் மேலே சொன்ன ஓட்டைகளைப் பற்றிச் சங்கம் என்ன செய்து வைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சேர வேண்டும்.

சட்டத்தின் ஓர் எல்லையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல சங்க நிர்வாகிகள் இதை அறியாமலே சுற்றறிக்கை அடிக்கிறார்கள். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, ஒரே தொழிலில் இருப்பவர்கள் கூடி விலையை நிர்ணயிப்பது, உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது, சந்தையைப் பங்கு போட்டுக்கொள்வது ஆகியவற்றைப் போட்டிக்குக் கேடு என்றே முன்கூட்டி அனுமானிக்கிறது. சங்கத்தின் முடிவும் இதில் அடங்கும். 2012-இல் சிமெண்ட் நிறுவனங்கள் மீது போட்டி ஆணையம் ரூ.6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தபோது, அந்தத் தொழிலின் சங்கத்தையும் விட்டுவைக்கவில்லை. எங்கள் தடையில்லாச் சான்று இல்லாமல் புது ஸ்டாக்கிஸ்ட் நியமிக்கக் கூடாது என்று கட்டுப்படுத்திய மருந்து வணிகர் சங்கங்களும் ஆணையத்தின் முன் நின்றிருக்கின்றன. அடக்கவிலை எவ்வளவு ஆகிறது என்று ஆய்ந்து வெளியிடுவது, அரசிடம் முறையிடுவது, உறுப்பினருக்கு மாதிரி ஒப்பந்தப் படிவம் கொடுப்பது இவையெல்லாம் சங்கத்தின் இயல்பான வேலைகள். இன்ன விலைக்குக் கீழே யாரும் விற்கக் கூடாது, மீறினால் அபராதம் என்று தீர்மானம் எழுதுவது ஆபத்தான பகுதி. ஆட்சியர் முன்னிலையில் போட்ட கூலி ஒப்பந்தம் மரியாதைக்குரியதுதான். ஆனால் அந்த முன்னிலையே அதற்குச் சட்ட பலம் தந்துவிடுவதில்லை. சட்டப் பாதுகாப்புள்ள கூலி ஒப்பந்தம் வேண்டும் என்று தறிக்காரர் கூட்டமைப்பு கேட்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

கைகாட்டி விடும் ஆள்

சரக்குத் தொடர்பு என்றால் முகவரிப் புத்தகம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நூல் எந்த மில்லில் கிடைக்கும், நாடாவும் உதிரிப் பாகமும் எந்தக் கடையில் என்பது போனில் தேடினாலே கிடைக்கும். சங்கம் தருவது வேறு. முன்பின் தெரியாதவருக்கு நூல் வியாபாரி கடன் கொடுக்க மாட்டார். ‘நம்ம ஆளுதான், கொடுங்க’ என்று இரண்டு பக்கமும் தெரிந்த ஒருவர் சொன்னால் முதல் லோடு பத்து நாள் கடனில் வரும். அந்த ஒருவர் கூலிக்கு நெய்பவர்களின் சங்கத்தில் கிடைப்பது அரிது. அங்கே எல்லாரும் இவரைப் போலவே பாவுக்குக் காத்திருப்பவர்கள்.

கலப்புச் சங்கம் இதில்தான் உதவுகிறது. கோவையில் 1969-இல் தொடங்கிய கொடிசியா அப்படிப்பட்டது. பம்ப் செய்பவர், அவருக்கு வார்ப்படம் கொடுப்பவர், கடைசல் வேலை செய்பவர், மின்மோட்டாருக்குச் செப்புக் கம்பி விற்பவர் எல்லாரும் அதில் உறுப்பினர்கள். கொடிசியா நடத்தும் இன்டெக் இயந்திரக் கண்காட்சியில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் இரண்டு நாள் சுற்றினால், ஆறு மாதம் அலைந்து தேடும் சப்ளையர்களை நேரில் பார்த்துவிடலாம். ஆனால் அதே காரணத்தால் அங்கே ஜாப் ஒர்க் ரேட்டை உயர்த்து என்று பேச முடியாது. ரேட் கொடுப்பவரும் அதே அறையில், பல சமயம் மேடையில், உட்கார்ந்திருப்பார். கோவையில் குறுந்தொழில் செய்பவர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கங்கள் வைத்துக்கொண்டதன் காரணம் இது என்றே நான் புரிந்துகொள்கிறேன். இரண்டிலும் உறுப்பினராக இருப்பவர் இரட்டைச் சந்தா கட்டுகிறார் என்று வருந்த வேண்டியதில்லை. இரண்டு வேறு வேலைகளுக்குக் கட்டுகிறார்.

தறிக்காரருக்குச் சரக்குத் தொடர்பு வேறொரு கேள்வியையும் எழுப்புகிறது. கூலிக்கு நெய்பவர் நூலே வாங்குவதில்லை. பிறகு நூல் தொடர்பு எதற்கு? சொந்தப் பாவுக்கு மாறத்தான். கூலிப் பேரத்தில் அவருக்கு உண்மையான பலம் தரக்கூடியது, உங்கள் பாவு வராவிட்டால் என் பாவை ஓட்டுவேன் என்று சொல்ல முடிவதுதான். எட்டுத் தறியில் இரண்டு தறியாவது சொந்தப் பாவில் ஓடினால் பேச்சின் தொனி மாறிவிடும்.

அது ஏன் நடக்கவில்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. மீட்டருக்கு 150 கிராம் நூல் என்று வைத்தால், எட்டுத் தறியும் நாளைக்கு 48 கிலோ நூல் சாப்பிடும். கிலோ ரூ.250 என்றால் ரூ.12,000. நூல் வாங்கி, சைசிங் போய், நெய்து, துணி சேர்ந்து, விற்று, வாங்கியவர் 60 நாள் கழித்துப் பணம் கொடுப்பது வரை மூன்று மாதம் ஆகிவிடும். வேலை நாள் 75. ஆக, ரூ.9 லட்சம் எந்நேரமும் நூலிலும் துணியிலும் மாட்டிக் கிடக்கும். அது அவருடைய மொத்த மாதக் கூலியைப் போல 22 மடங்கு. இதில் நூல் விலை நடுவில் இறங்கினால் நஷ்டமும் அவருடையது. உற்பத்தியாளர் அந்த ஆபத்தைச் சுமப்பதால்தான் கூலிப் பேச்சில் அவர் கை ஓங்கியிருக்கிறது. அவரை வில்லனாகக் காட்டி எழுதுபவர்கள் இந்த ரூ.9 லட்சத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

மத்திய அரசு 2017-இல் தொடங்கிய பவர்டெக்ஸ் இந்தியா திட்டத்தில் நூல் வங்கி என்று ஒரு பகுதி வந்தது. தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு தனி அமைப்பைப் பதிவு செய்தால், மொத்தமாக நூல் வாங்க ரூ.2 கோடி வரை வட்டியில்லா முதல் என்றிருந்தது. யோசனை சரியானது. ஆனால் அது சொந்தப் பாவு ஓட்டுபவருக்கே பயன்படும். நூலின் விலையில் கிலோவுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறையலாம். துணி விற்றுப் பணம் வரும் வரைக்குமான அறுபது நாளை நூல் வங்கி தாங்காது. ரூ.2 கோடியை மேலே சொன்ன ரூ.9 லட்சத்தால் வகுத்தால் எட்டுத் தறிக்காரர் இருபத்திரண்டு பேருக்குத்தான் வரும். ஒரு ஊர்ச் சங்கத்தின் எல்லா உறுப்பினருக்கும் இது போதாது. இருபது பேர் ஆளுக்கு இரண்டு தறியைச் சொந்தப் பாவுக்கு மாற்றுவதற்கு இது தாராளம். அப்படிச் சின்னதாகத் தொடங்கிய முயற்சிகளுக்கே தாக்குப்பிடிக்கும் வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து.

பணத்தைச் சேர்த்துப் போட வேண்டிய இடம் வந்தால் சங்கம் என்ற வடிவமே போதாது என்பதையும் திருப்பூர் காட்டியது. சாயக் கழிவைச் சுத்திகரிக்கப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட வேண்டி வந்தபோது, சாயப்பட்டறைகள் குழு குழுவாகச் சேர்ந்து கம்பெனிகளாகப் பதிவு செய்துகொண்டன. பங்கு, கடன், இயக்குநர் பொறுப்பு எல்லாம் எழுத்தில் இருந்தன. துளிக்கழிவும் வெளியேறக் கூடாது என்ற உத்தரவை நிறைவேற்றாததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையும் அந்த நிலையங்களையும் மூடச் சொன்னபோது, ஒரே நிலையத்தைச் சார்ந்த எல்லாப் பட்டறையும் சேர்ந்தே நின்றன. தனியாகச் சரியாக நடத்தியவரும் தப்பவில்லை. கூட்டு முதலீட்டில் இறங்குபவர் பக்கத்துப் பட்டறைக்காரர் எப்படித் தொழில் செய்கிறார் என்பதையும் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

பயிற்சி

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்த வட்டாரத்தில் நீடித்து நிற்கும் பயிற்சி இடங்கள் எதுவும் ஊர்ச் சங்கத்தின் மாடியறையில் நடப்பவை அல்ல. கோவையில் நூற்பாலைகள் சேர்ந்து 1956-இல் அமைத்த சிட்ரா, ஆராய்ச்சிக் கூடமும் சோதனைக் கருவியும் சம்பள ஆளும் கொண்ட நிறுவனம். சோமனூர் போன்ற ஊர்களில் விசைத்தறிச் சேவை மையங்களை நடத்துவதும் அதுவே. துணியை எடுத்துப்போய் நூல் எண்ணும் பிக்கும் சோதித்து வரலாம். தறி ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள் பழக்கலாம். திருப்பூரில் ஏற்றுமதியாளர் சங்கம் 1997-இல் பின்னலாடைக்கென்றே ஒரு கல்லூரி தொடங்கியது. இவற்றுக்குப் பின்னால் பெரிய ஆலைகள் அல்லது ஏற்றுமதி வருமானம் இருந்தது. கூலித் தறிக்காரரின் மாதச் சந்தாவில் அது முடியாது. முடியாததை எதிர்பார்க்கவும் கூடாது.

ஊர்ச் சங்கம் செய்யக்கூடியது, அந்த மையத்துக்கு ஆள் அனுப்ப ஒழுங்கு செய்வது. இன்று தறிக்குடோன்களில் பெரிய தட்டுப்பாடு பிட்டருக்குத்தான். பழைய பிட்டருக்கு வயதாகிவிட்டது. மகன் வேறு வேலைக்குப் போய்விட்டான். பதினைந்து குடோன்காரர் சேர்ந்து இரண்டு இளைஞரைப் பயிற்சிக்கு அனுப்பி, அந்த நாட்களுக்கான கூலியைப் பங்கு போட்டுக்கொண்டால் அது பெரிய செலவில்லை. தனி ஆள் அனுப்பினால், பழகி வந்தவரை அடுத்த குடோன் நூறு ரூபாய் கூட்டிக் கொடுத்து இழுத்துக்கொள்ளும். அந்தப் பயத்தில்தான் யாரும் அனுப்புவதில்லை. எல்லாரும் சேர்ந்து அனுப்பினால் பயம் போகிறது. சங்கம் ஒன்றால் மட்டுமே தீர்க்க முடிந்த சிக்கல் இது. இதைச் செய்கிற சங்கங்கள் குறைவாக இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நிலுவைப் பணமும் பாவுச் சீட்டும்

கூலியின் அளவு ஒரு சண்டை என்றால், பேசிய கூலி கைக்கு வரும் நாள் இன்னொரு சண்டை. இதில் சட்டம் தறிக்காரர் பக்கம் இருக்கிறது. உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு தொழில்களுக்கு, 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்தில் கெடு பேசியிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. எதுவும் எழுதாவிட்டால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. தீர்ப்புச் சொல்ல வசதி மன்றம் என்று ஓர் அமைப்பு. இணையம் வழியாகவே மனு போடலாம். மனுவுக்குச் சாதகமான தீர்ப்பு வந்து, வாங்கியவர் அதை நீதிமன்றத்தில் எதிர்க்க விரும்பினால் தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரித் திருத்தம் இன்னொரு பிடி: கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, கொடுக்கும் வருடம் வரை, வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது.

இவ்வளவு இருந்தும் தறிக்காரர்கள் மனுப் போடுவது குறைவு. இரண்டு காரணம். மனுவில் தன் பெயர் வந்தால் அடுத்த பாவு வராது என்ற பயம் ஒன்று. சங்கத்தின் பெயரில் போட முடியாதா என்றால், பணம் வர வேண்டியவர்தான் மனுதாரராக இருக்க வேண்டும். ஆனால் அந்த மன்றத்திலேயே குறு, சிறு தொழில் சங்கங்களின் பிரதிநிதி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த இடத்தில் யார் போகிறார்கள், எந்தத் தொழில் தெரிந்தவர் போகிறார் என்பதில் விசைத்தறிச் சங்கங்கள் அக்கறை காட்டினால் அது ஒரு மாத வேலைநிறுத்தத்தைவிட நீண்ட பலன் தரக்கூடியது.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது. காட்ட ஆதாரம் இல்லை. பாவு இறங்கும்போது பீம் எண்ணும் மீட்டரும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று வரும். ரகம், பிக், கூலி எல்லாம் வாய்ப்பேச்சு. மூன்று மாதம் கழித்துச் சேதாரம் என்று கழித்தால் எதன் அடிப்படையில் கழித்தார் என்று கேட்கத் தாளே கிடையாது.

சங்கத்தில் சேரப் போகிறவருக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. நிர்வாகியிடம் மூன்று தாள்கள் கேளுங்கள். கடந்த ஆண்டு பொதுக்குழுவில் வைத்த தணிக்கை செய்த வரவு செலவு. வாக்குரிமை உள்ள உறுப்பினர் பட்டியல். அதில் பாவு கொடுப்பவர்களும் கலந்திருக்கிறார்களா என்று பார்க்க. மூன்றாவது, கடைசி ஒப்பந்தத்துக்குப் பிறகு உறுப்பினர்கள் உண்மையில் வாங்கிய கூலியை யாராவது மாதாமாதம் எழுதி வைத்திருந்தால் அந்த நோட்டு. சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவான எந்தச் சங்கத்திலும் முதல் இரண்டு தாள்களும் இருந்தாக வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலான சங்கங்களில் காட்ட முடியாது.

அந்த நோட்டு உருவாக, சங்கம் ஒரு பாவுச் சீட்டு அச்சடித்துக் கொடுத்தால் போதும். இரண்டு பிரதி. பாவு இறங்கிய தேதி, பீம் எண், பாவு நீளம், ரகம், அங்குலத்துக்குப் பிக், பிக்குக்குக் கூலி பைசாவில், சேதாரம் எவ்வளவு வரை அனுமதி, துணி ஒப்படைத்த எத்தனையாவது நாளில் பணம், தறிக்காரரின் உத்யம் எண், இரண்டு கையெழுத்து. விலையைச் சங்கம் நிர்ணயிக்கவில்லை. இருவரும் பேசியதை எழுத மட்டும் செய்கிறது. ஆகவே போட்டிச் சட்டத்தின் பக்கமே போக வேண்டியதில்லை. பெரிய உற்பத்தியாளர்கள் முதலில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். வருமான வரிக் கணக்குக்கு அவர்களுக்கும் தேதியோடு கூடிய தாள் தேவைப்படும் காலம் வந்துவிட்டதால், முன்பு இருந்த அளவு எதிர்ப்பு இப்போது இருக்காது. வேலைநிறுத்தம் இல்லாத சாதாரண மாதத்தில், நேர்மையாகக் கூலி கொடுக்கும் பத்து உற்பத்தியாளரிடம் தொடங்கினால் நடக்கும். ஆறு மாதச் சீட்டுகள் சங்க அலுவலகத்தில் சேர்ந்துவிட்டால், எந்த ரகத்துக்கு எந்த மாதத்திலிருந்து கூலி இறங்கத் தொடங்கியது, அந்த மாதம் பாவு வரத்து எவ்வளவு குறைந்தது என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் ஆட்சியர் மேஜையில் எடுத்து வைக்கலாம். பணம் வராதவர் அதே சீட்டோடு வசதி மன்றத்துக்குப் போகலாம்.